கூடுதலாகப் பிடித்த வரி: நிறுவனத்துக்கு எழுத வேண்டிய திருத்தக் கடிதம்

சம்பளத்தில் வருமான வரி பிடிக்கும் நிறுவனம், ஊழியரின் உண்மையான ஆண்டு வருமானத்தைப் பார்த்து அதைப் பிடிப்பதில்லை. ஆண்டு முடியும் முன்பே மாதாமாதம் பிடிக்க வேண்டியிருப்பதால், ஊழியர் தரும் தகவலை வைத்து ஒரு மதிப்பீடு போட்டு, அதற்கான வரியைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்துக்கொள்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆவது பிரிவு சொல்லும் முறை இதுதான். நிதியாண்டின் தொடக்கத்தில் ஊழியர் நிரப்பிக் கொடுக்கும் டிக்ளரேஷன் இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படை. அதில் ஒரு தொகை தவறினால் மதிப்பீடும் தவறும். அதற்குப் பிறகு அந்தப் பிழை ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் சத்தமில்லாமல் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இப்படிப் பிடிக்கப்பட்ட கூடுதல் வரியைச் சரிசெய்ய ஊழியர் எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. ஆனால் அதில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தெரியாமல் எழுதப்படும் கடிதங்கள் பேரோல் பிரிவில் பதிலின்றிக் கிடக்கின்றன. "பிடித்த பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதுவதுதான் பலர் செய்வது. நிறுவனத்தின் கையில் அந்தப் பணம் இல்லை. ஒரு மாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் மத்திய அரசின் கணக்கில் செலுத்திவிட வேண்டும். மார்ச் மாதம் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. செப்டம்பர் சம்பளத்தில் பிடித்த தொகை அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அரசிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அதை நிறுவனம் திரும்ப எடுத்துத் தர வழியில்லை.

ஆனால் வேறொன்றைச் செய்ய நிறுவனத்துக்குச் சட்டம் வெளிப்படையாகவே இடம் தருகிறது. 192ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு, அந்த நிதியாண்டுக்குள் முன்பு கூடுதலாகவோ குறைவாகவோ பிடித்திருந்தால், அடுத்து வரும் பிடித்தங்களைக் குறைத்தோ கூட்டியோ அதை ஈடுகட்டலாம் என்கிறது. கடிதம் நிற்க வேண்டியது இந்த உட்பிரிவின் மேல்தான். கோரிக்கை கடந்த மாதங்களைப் பற்றியதாக இல்லாமல் மீதமுள்ள மாதங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். பிடித்த பணம் அரசிடமே இருக்கட்டும், வரப்போகும் மாதங்களில் அதற்கேற்பக் குறைத்துப் பிடியுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

ஒரு கணக்கைக் கொண்டு இதைப் பார்க்கலாம். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு 2025–26 நிதியாண்டில் அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி 30,000, சிறப்புப் படி 40,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மொத்தம் 15,60,000 ரூபாய். வாடகை வீட்டில் மாதம் 25,000 ரூபாய் கொடுத்துக் குடியிருக்கிறார். சொந்த ஊரில் பெற்றோர் இருக்கும் வீட்டின் கடனுக்கு ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் வட்டி கட்டுகிறார். 80சி பிரிவில் வருங்கால வைப்பு நிதி முதலியவை 1,50,000 ரூபாய், 80டி பிரிவில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 25,000 ரூபாய். தொழில் வரியைக் கணக்கின் எளிமைக்காக விட்டுவிடலாம். இவர் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்து நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்கிறார்.

வீட்டு வாடகைப்படிக்கான விலக்கு மூன்று தொகைகளில் எது குறைவோ அது. ஒன்று, நிறுவனம் உண்மையில் தந்த படி, இங்கே 3,60,000. இரண்டாவது, அடிப்படைச் சம்பளத்தில் சென்னை போன்ற பெருநகரத்துக்கு 50 சதவீதம், இதுவும் 3,60,000. மூன்றாவது, கட்டிய வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்தால் வருவது. ஆண்டு வாடகை 3,00,000, கழிக்க வேண்டியது 72,000. மிஞ்சும் 2,28,000 ரூபாய்தான் மூன்றிலும் குறைவு என்பதால் அதுவே விலக்கு.

இந்த விலக்கும், 50,000 ரூபாய் நிலைக் கழிவும், மேலே சொன்ன வட்டியும் சேமிப்பும் பிரீமியமும் போனால் வரிக்குரிய வருமானம் 9,07,000 ரூபாய். பழைய முறையில் இதற்கு வரி 93,900. 4 சதவீத செஸ் சேர்த்து 97,656 ரூபாய். மாதத்துக்கு 8,138 ரூபாய் வீதம் பிடித்தால் போதும். புதிய வரிமுறையில் இதே சம்பளத்துக்கு 75,000 ரூபாய் நிலைக் கழிவு மட்டும் போக வரி 1,06,860 ரூபாய் வரும். அதனால் இவர் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவுதான்.

தவறு நடந்தது வேறோர் இடத்தில். பேரோல் மென்பொருளில் 'ஆண்டு வாடகை' என்று கேட்ட கட்டத்தில் மாத வாடகையான 25,000ஐப் பதிந்துவிட்டார். ஆண்டு முழுவதற்குமே வாடகை 25,000 என்று கணினி எடுத்துக்கொண்டது. அதில் 72,000ஐக் கழிக்க முடியாது என்பதால் விலக்கு கொஞ்சம் குறைந்துவிடவில்லை, முழுவதுமாகவே பூஜ்யமாகிவிட்டது. வரிக்குரிய வருமானம் 11,35,000 ஆக ஏறியது. பழைய முறையில் 10 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் என்பதால் வரி 1,53,000க்கும், செஸ்ஸோடு 1,59,120க்கும் போனது. மாதப் பிடித்தம் 13,260 ரூபாய். ஒரு கட்டத்தில் நிகழ்ந்த பிழைக்கு மாதம் 5,122 ரூபாயும், ஆண்டு முழுக்க விட்டால் 61,464 ரூபாயும் கூடுதலாகப் போகும்.

இப்படிப்பட்ட பிழையைச் சம்பளச் சீட்டில் 'வருமான வரி' என்ற ஒற்றை வரியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். 13,260 என்பது அந்தச் சம்பளத்துக்குப் பொருந்தாத தொகையாகத் தோன்றாது. பேரோல் மென்பொருளில் சம்பளச் சீட்டோடு வரிக் கணக்கீட்டுத் தாள் ஒன்றும் கிடைக்கும். அதைத் திறந்து, வீட்டு வாடகைப்படி விலக்கு, வீட்டுக் கடன் வட்டி, 80சி, 80டி ஆகிய வரிகளுக்கு எதிரே உள்ள தொகைகளைத் தன் ஆவணங்களோடு ஒப்பிட வேண்டும். எந்த வரிமுறையில் கணக்கு போடப்பட்டிருக்கிறது என்பதையும் அதே தாளில் பார்க்கலாம். டிக்ளரேஷன் கொடுத்த அடுத்த மாதமே இந்த ஒப்பீட்டைச் செய்துவிடுபவருக்குக் கடிதம் எழுதும் அவசியமே பெரும்பாலும் வராது, மென்பொருளிலேயே திருத்திவிடலாம்.

நம் ஊழியர் செப்டம்பர் சம்பளம் வந்த பிறகு கண்டுபிடிக்கிறார் என்று கொள்வோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்தில் 79,560 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கான சரியான வரி 97,656. பாக்கி 18,096 ரூபாயை அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,016 ரூபாய். 13,260 பிடித்த இடத்தில் 3,016 பிடித்தால், ஆண்டு முடியும்போது ஒரு ரூபாயும் கூடுதலாகப் போயிருக்காது. கடிதம் கேட்க வேண்டிய தொகை இதுதான். மொத்தமாக "சரிசெய்து தாருங்கள்" என்று விட்டுவிடாமல், பிடித்தது எவ்வளவு, பிடிக்க வேண்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு என்று நான்கு எண்களை வரிசையாகத் தந்தால், பேரோல் அலுவலர் தன் கணக்கோடு அதை ஒரே பார்வையில் ஒப்பிட்டுவிடுவார்.

காலம் இங்கே எவ்வளவு முக்கியம் என்பதை அதே கணக்கு காட்டுகிறது. இதே பிழை நவம்பர் சம்பளத்துக்குப் பிறகு தெரிந்திருந்தால் எட்டு மாதப் பிடித்தம் 1,06,080 ரூபாய் ஆகியிருக்கும். ஆண்டு வரியையே 8,424 ரூபாய் தாண்டிவிட்ட நிலை. அப்போது டிசம்பர் முதல் மார்ச் வரை பிடித்தத்தைப் பூஜ்யமாக்கினாலும் அந்த 8,424 ரூபாய் நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி ஊழியருக்குப் பணமாகத் தர பெரும்பாலான நிறுவனங்கள் முன்வருவதில்லை. அந்தப் பாக்கியை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும்.

"ஜனவரியில் ஆவணங்களைக் கேட்பார்கள், அப்போது சரியாகிவிடும்" என்று காத்திருப்போரும் உண்டு. வாடகை ரசீதுகளைச் சமர்ப்பித்ததும் கணக்கு திருந்தும் என்பது உண்மைதான். ஆனால் டிசம்பர் வரையிலான ஒன்பது மாதத்தில் 1,19,340 ரூபாய் போயிருக்கும்; ஆண்டு வரியைவிட 21,684 ரூபாய் அதிகம். கண்டுபிடித்த மாதத்திலேயே எழுதுவதற்கும் ஜனவரி வரை பொறுத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் தொகை.

நிறுவனம் ஏன் தயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டு எழுதப்படும் கடிதமே வேலை செய்யும். வரியைக் குறைவாகப் பிடித்தால் 201ஆவது பிரிவின்படி பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும். பிடிக்காமல் விட்ட தொகைக்கு மாதம் 1 சதவீதம் வட்டியும் கட்ட நேரிடும். கூடுதலாகப் பிடித்தால் அதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. அதனால் ஆதாரம் இல்லாத எந்தக் கோரிக்கைக்கும் 'வேண்டாம்' என்பதே பேரோல் பிரிவுக்குப் பாதுகாப்பான பதில். இன்னொன்றும் உண்டு. 192(3) சொல்வது 'ஈடுகட்டலாம்' என்றுதான். 'ஈடுகட்டியே ஆக வேண்டும்' என்றில்லை. ஆகவே கடிதம் உரிமைக் குரலில் அதட்டுவதைவிட, நிறுவனம் பயமின்றிச் செய்யத் தக்க முழு ஆவணங்களோடு வருவது நல்லது.

அந்த ஆவணங்களில் முதலாவது, திருத்தி நிரப்பிய படிவம் 12பிபி. ஊழியர் கோரும் கழிவுகளையும் அவற்றின் ஆதாரங்களையும் தரும் படிவம் இது. 2016 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகைத் தொகை, வீட்டு உரிமையாளரின் பெயர், முகவரி எல்லாம் இதில் வரும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணையும் தர வேண்டும். நம் ஊழியரின் வாடகை 3 லட்சம் என்பதால் இது தவிர்க்க முடியாதது. உரிமையாளர் பான் எண் தர மறுப்பதால்தான் பல கோரிக்கைகள் நின்றுபோகின்றன. கடிதம் எழுதும் முன்பே அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அடுத்து வாடகை ஒப்பந்தத்தின் நகல், ஏப்ரல் முதலான வாடகை ரசீதுகள், வங்கி வழியாகக் கட்டியிருந்தால் அந்தப் பதிவுகள். வாடகையை ரொக்கமாகக் கொடுத்து, ஒரு ரசீதின் தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் அதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இவற்றோடு, பிழை தெரியும் பழைய டிக்ளரேஷனின் பிரதியையும் வரிக் கணக்கீட்டுத் தாளையும் இணைத்தால் எதுவும் விடுபடாது.

கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. தனியார் நிறுவனங்களில் ஊதியக் கணக்குப் பிரிவு அல்லது மனிதவளப் பிரிவு. பேரோல் வேலை வெளி நிறுவனத்திடம் இருந்தாலும் கடிதம் தன் நிறுவனத்துக்கே எழுதப்பட வேண்டும், ஏனென்றால் வரி பிடிக்கும் பொறுப்பு சட்டப்படி அதனுடையது. அரசு அலுவலகங்களில் பணம் பெற்று வழங்கும் அலுவலருக்கு எழுத வேண்டும். மாதச் சம்பளக் கணக்கை 20ஆம் தேதியை ஒட்டி முடித்துவிடும் இடங்கள் பல. அந்தத் தேதிக்கு முன் கடிதம் சேர்ந்தால் அந்த மாதமே திருத்தம் வரும்.

மேலே சொன்ன நிலைக்கு ஏற்ற கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: (பெயர், பணியாளர் எண், பிரிவு, பான் எண்)

பெறுநர்: மேலாளர், ஊதியக் கணக்குப் பிரிவு, (நிறுவனத்தின் பெயர், முகவரி)

நாள்: 6.10.2025

பொருள்: 2025–26 நிதியாண்டு – வரி டிக்ளரேஷனில் வீட்டு வாடகை தவறாகப் பதிவானது – கூடுதல் வரிப் பிடித்தத்தை எஞ்சிய மாதங்களில் சரிசெய்யக் கோருதல்.

ஐயா,

2025–26 நிதியாண்டுக்கான என் வரி டிக்ளரேஷனைக் கடந்த ஏப்ரல் மாதம் பழைய வரிமுறையில் சமர்ப்பித்தேன். அதில் ஆண்டு வாடகை என்ற இடத்தில் ரூ.3,00,000க்குப் பதிலாக மாத வாடகையான ரூ.25,000ஐத் தவறுதலாகப் பதிந்துவிட்டேன். இதனால் எனக்கு உரிய ரூ.2,28,000 வீட்டு வாடகைப்படி விலக்கு கணக்கில் சேரவில்லை. செப்டம்பர் மாத வரிக் கணக்கீட்டுத் தாளைப் பார்த்தபோது இது தெரியவந்தது.

சரியான தொகையின்படி இந்த ஆண்டுக்கான என் வரி, செஸ் உட்பட ரூ.97,656. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ரூ.13,260 வீதம் ரூ.79,560 ஏற்கனவே பிடிக்கப்பட்டுள்ளது. எஞ்சியது ரூ.18,096. வருமான வரிச் சட்டம் 192(3)ஆவது பிரிவின்படி, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான பிடித்தத்தை மாதம் ரூ.3,016 ஆகக் குறைத்து இதைச் சரிசெய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். கணக்கு விவரம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது.

திருத்திய படிவம் 12பிபி, வாடகை ஒப்பந்தத்தின் நகல், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வாடகை ரசீதுகள், வீட்டு உரிமையாளரின் பான் எண் விவரம், முந்தைய டிக்ளரேஷனின் பிரதி ஆகியவற்றை இணைத்துள்ளேன். எஞ்சிய மாதங்களின் ரசீதுகளை உரிய காலத்தில் தருவேன். இதில் உள்ள விவரங்கள் உண்மையானவை. வாடகையிலோ வீட்டிலோ மாற்றம் வந்தால் உடனே தெரிவிப்பேன்.

இந்த விலக்கு நான்காம் காலாண்டு வரி அறிக்கையிலும் படிவம் 16இன் ஆ பகுதியிலும் இடம்பெறும்படி செய்யவும், திருத்திய வரிக் கணக்கீட்டுத் தாளை அனுப்பவும் வேண்டுகிறேன். இந்த மாதச் சம்பளத்தில் திருத்தம் செய்ய இயலாது எனில் அதை எழுத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

இந்தக் கடிதத்தில் பிழை யாருடையது என்பது முதல் பத்தியிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதை மறைத்து, 'மென்பொருளில் ஏதோ கோளாறு' என்று எழுதினால் கடிதம் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போய் இரண்டு வாரம் அலையும். சுருக்கமாகத் தவறைச் சொல்லி, சரியான தொகையைத் தருவதே வேகமான வழி.

கடைசிப் பத்தியில் வரும் நான்காம் காலாண்டு அறிக்கை பற்றிய வேண்டுகோளை அநாவசியம் என்று விட்டுவிடக் கூடாது. நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் 24கியூ என்ற அறிக்கையை வருமான வரித்துறைக்குத் தருகிறது. நான்காம் காலாண்டு அறிக்கையில் மட்டும் ஊழியரின் ஆண்டு முழுவதற்குமான சம்பளம், விலக்கு, கழிவு, வரி எல்லாம் அடங்கிய இணைப்பு ஒன்று உண்டு. அதற்குக் கடைசி நாள் மே 31. ஜூன் 15க்குள் வரும் படிவம் 16இலும் அதே விவரங்கள் இருக்க வேண்டும். அங்கே விலக்கு இல்லாமல், ஊழியர் தாக்கல் செய்யும் கணக்கில் மட்டும் விலக்கு இருந்தால், இரண்டும் பொருந்தவில்லை என்று துறை விளக்கம் கேட்க வாய்ப்பு உண்டு.

அதே சமயம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான இரண்டு காலாண்டு அறிக்கைகளைத் திருத்தும்படி கேட்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் 13,260 ரூபாய் பிடித்ததும் செலுத்தியதும் உண்மை. அறிக்கை சொல்வதும் அதைத்தான். பழைய சம்பளச் சீட்டுகளை மாற்றித் தரும்படி கேட்பதும் தேவையற்றது. அது நிறுவனத்தை வீணாக எச்சரிக்கைப்படுத்தும்.

கடிதம் போனதும் அடுத்த சம்பளச் சீட்டோடு வரும் கணக்கீட்டுத் தாளில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: வாடகைப்படி விலக்கு 2,28,000 என்று வந்திருக்கிறதா, ஆண்டு வரி 97,656க்கு இறங்கியிருக்கிறதா, அந்த மாதப் பிடித்தம் 3,016 ஆகியிருக்கிறதா. விலக்கு வந்தும் பிடித்தம் 8,138 என்று நின்றால், முன்பு கூடுதலாகப் போனது ஈடுகட்டப்படவில்லை என்று பொருள். அப்போது கடிதத்தின் எண்களைச் சுட்டி ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். காலாண்டு அறிக்கை தாக்கலான பிறகு, வருமான வரித்துறையின் இணையத்தளத்தில் தன் பான் எண்ணுக்கான படிவம் 26ஏஎஸ்ஸில், பிடித்த தொகைகள் அனைத்தும் தன் பெயரில் வரவாகியிருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

டிக்ளரேஷன் பிழைகள் வேறு வகையிலும் வரும். நடு ஆண்டில் வேலை மாறியவர், பழைய நிறுவனத்தின் சம்பளத்தைப் புதிய நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, அங்கே பிடிக்கப்பட்ட வரியைத் தெரிவிக்க மறப்பது ஒன்று. புதிய நிறுவனம் இரண்டு சம்பளத்துக்கும் உரிய முழு வரியையும் தானே பிடிக்கத் தொடங்கும். பழைய நிறுவனம் தந்த வரிக் கணக்கையும் சம்பளச் சீட்டுகளையும் இணைத்து எழுதினால் இதுவும் அதே 192(3) வழியில் தீரும்.

வரிமுறையைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழை சற்று வேறுபட்டது. 2023–24 முதல் புதிய முறையே இயல்பான முறை. எந்த முறை வேண்டும் என்று ஊழியர் தெரிவிக்காவிட்டால் நிறுவனம் புதிய முறையில்தான் பிடிக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரல் 5 நாளிட்ட சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆண்டின் நடுவில் முறையை மாற்றிக்கொள்ளப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. ஆனால் நிறுவனத்திடம் சொன்னது வரிப் பிடித்தத்துக்கு மட்டுமே செல்லும் என்பதையும் அதே சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. வணிக வருமானம் இல்லாத சம்பளக்காரர், ஆண்டு முடிந்து கணக்கு தாக்கல் செய்யும்போது வேறு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே இந்த வகைப் பிழைக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம்; மறுத்தால் நிறுவனத்தோடு வாதாடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கடிதம் தாமதமானாலோ நிறுவனம் ஏற்காவிட்டாலோ மிஞ்சும் வழி, கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்குவது. மார்ச் சம்பளம் போய்விட்டால் 192(3)க்கு வேலை இல்லை, ஏனென்றால் அந்த ஈடுகட்டல் அதே நிதியாண்டுக்குள் மட்டுமே நடக்கும். அப்போது நிறுவனத்துக்கு எழுதலாம் என்றால், மே 31க்குள் தாக்கலாகும் அறிக்கையிலும் படிவம் 16இலும் சரியான விலக்கைக் காட்டும்படி மட்டும் எழுதலாம். அதற்கும் மறுத்தாலும் வீட்டு வாடகைப்படி விலக்கை ஊழியர் தன் கணக்கில் நேரடியாகக் கோர முடியும். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலும் அது சேர்ந்ததற்கான சான்றும் வாடகை ஆவணங்களோடு கையில் இருந்தால், துறை கேட்கும் விளக்கத்துக்கு அதுவே பதிலாகிவிடும். மின்னஞ்சலில் அனுப்பிய கடிதத்தைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பிக்கொள்வது நல்லது. வேலையை விட்டு வந்த பிறகு அலுவலக அஞ்சல் திறக்காது.

ரீஃபண்டுக்கு வட்டி உண்டு என்ற நம்பிக்கையில் ஆண்டு முழுக்கப் பேசாமல் இருப்பது லாபமானதல்ல. 244ஏ பிரிவின்படி வட்டி மாதம் அரை சதவீதம். உரிய காலத்தில் கணக்கு தாக்கல் செய்தவருக்கு அது நிதியாண்டு முடிந்த ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்துதான் ஓடும். அதற்கு முந்தைய மாதங்களில் பணம் முடங்கிக் கிடந்ததற்கு எதுவும் கிடையாது. நம் ஊழியர் ஆண்டு முழுக்கக் கவனிக்காமல் விட்டு 61,460 ரூபாய் ரீஃபண்ட் கோரினால் மாதம் 307 ரூபாய் வட்டி வரும், அந்த வட்டியும் வரிக்கு உட்பட்டது. ரீஃபண்ட் தொகை ஆண்டு வரியின் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வட்டியே இல்லை. நவம்பரில் விழித்தவரின் 8,424 ரூபாய், 97,656இன் 10 சதவீதத்தைத் தொடவில்லை; ஆகவே அவருக்கு அசல் மட்டும்தான் திரும்பும்.

ரீஃபண்ட் வழியில் போகிறவர் பழைய வரிமுறையை நம்பியிருந்தால் கடைசித் தேதி விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். உரிய கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியும். தணிக்கை தேவைப்படாத சம்பளக்காரர்களுக்கு அது வழக்கமாக ஜூலை 31. ஒரு நாள் தாமதமானாலும் கணக்கு புதிய முறைக்குப் போய்விடும். வாடகைப்படி விலக்கும், பெற்றோர் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியும், 80சி சேமிப்பும் அங்கே இல்லை. நம் ஊழியரின் வரி 97,656க்குப் பதிலாக 1,06,860 ஆகும். 9,204 ரூபாய் நிரந்தரமாகப் போகும். தாமதத்துக்கான கட்டணம் தனி.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. சம்பளத்தில் வரி பிடிப்பது அதில் 392ஆவது பிரிவு. படிவங்களின் எண்களும் மாறியிருக்கின்றன. அந்த நாளுக்குப் பிறகான சம்பளத்துக்குத் திருத்தக் கடிதம் எழுதுவோர் பழைய எண்களை அப்படியே எடுத்து எழுதாமல், தங்கள் நிறுவனம் அந்த ஆண்டுக்குத் தந்திருக்கும் டிக்ளரேஷன் படிவத்தில் உள்ள எண்களைப் பார்த்து எழுத வேண்டும்.